முப்பத்தொன்றில் மிச்சம் மூன்று

போட்டியில் கையை உயர்த்த வேண்டாம் என்று யாக்கோபுவிடம் அனிற்றா இரண்டு முறை சொல்லியிருந்தாள். ஒருமுறை வீட்டில், ஒருமுறை பொலிதேயாமாச் சதுக்கத்தில் பஸ்ஸை விட்டு இறங்கும்போது.

"நான் ஏன் உயர்த்தப்போறன்? வாயையே திறக்கமாட்டன்," என்றான் யாக்கோபு. அவன் அவளுடைய அக்காவின் புருஷன். அவளை அவன் தன் சொந்தத் தங்கைபோலப் பார்த்துக்கொண்டான். அதுதான் பயமாக இருந்தது. அன்பு கூடினால் அவனுக்குக் கையும் வாயும் ஒரு இடத்தில் இருக்காது.

அன்று வியாழக்கிழமை. இந்த இத்தாலிய ஊரில் வீட்டுவேலைக்காரர்களுக்கு வியாழன்தோறும் அரை நாள் லீவு. அதனால் போட்டி நடந்த கலாசாரச் சங்க மண்டபத்தில் பாதிச் சனம் தமிழ்ச் சனம். மன்னார், யாழ்ப்பாணம், தீவுப் பகுதி எல்லாம் இடப்பக்கம். மொரீசியஸ்காரர் வலப்பக்கம். நடுவில் இத்தாலியர், பெரும்பாலும் பென்ஷன்காரர். ஓய்வுபெற்ற கணித ஆசிரியர்கள் சேர்ந்து ஒவ்வொரு வசந்தத்திலும் நடத்தும் மனக்கணக்குப் போட்டி இது. பெருக்கல், வர்க்கமூலம் எல்லாம் மதியமே முடிந்துவிட்டன. கடைசிச் சுற்று கிழமை சொல்வது. யாராவது ஒரு திகதியைச் சொல்வார்கள். நடுவர் பத்து எண்ணி முடிப்பதற்குள் அது என்ன கிழமை என்று சொல்லவேண்டும்.

பரிசு மேடையின் ஓரத்தில் ஒரு மேசையில் இருந்தது. ஒரு கம்பியூட்டர். பழையது, யாரோ ஒரு அலுவலகம் கொடுத்தது, விசைப்பலகையில் ஒரு மூலை மஞ்சளித்திருந்தது. அனிற்றா அதைப் பார்க்காமல் இருக்கப் பார்த்தாள், முடியவில்லை. யாழ்ப்பாணத்தில் கணிதம் படிக்கப் போய் முதல் வருடத்திலேயே விட்டு ஓடி வந்தவள் அவள். இப்போது லிபெர்த்தாத் தெருவில் ஒரு சின்யோராவின் வீட்டில் தரை துடைக்கிறாள். அந்த வீட்டுப் பெடியனின் அறையில் ஒரு கம்பியூட்டர் இருக்கிறது. அதன் மேல் தூசி தட்டலாம், தொடக்கூடாது. அவன் விட்டெறிந்த புரோகிராமிங் புத்தகத்தை மூன்று முறை வாசித்துவிட்டாள். காகிதத்தில் புரோகிராம் எழுதுவாள். அது ஓடுமா என்று பார்க்க ஒரு மெசின் இல்லை. அல்பெர்கேரியாவில் அவர்கள் இருக்கும் இரண்டு அறை வீட்டில், ஜன்னலுக்குக் கீழே, அக்காவின் தையல் மெசினை நகர்த்தி இடம் விட்டிருந்தாள். அக்கா செலஸ்ரீனா அதைப் பார்த்துவிட்டு, "தோத்தால் அந்த இடத்தில அரிசி மூட்டை வைப்பம்," என்று சொல்லியிருந்தாள்.

எதிராளி கிருஷ்ணென். நாற்பது தாண்டிய மொரீசியஸ் தமிழன். பக்கத்திலேயே ஒரு வக்கீல் அலுவலகத்தில் கதவு பார்ப்பவன். அங்கே வரும் ஒவ்வொருவரிடமும் பிறந்த திகதி கேட்டுக் கிழமை சொல்லிச் சொல்லியே அவன் அந்தத் தெருவில் பெயர் எடுத்திருந்தான். தமிழில் அவனுக்கு வணக்கமும் சில சாமி பெயர்களும் தெரியும். மற்றதெல்லாம் இத்தாலியன்தான்.

"பயமா?" என்று இத்தாலியனில் கேட்டான்.

"உங்களுக்கு?"

"இருக்கு, நிறைய," என்று சிரித்தான். அவனை வெறுக்க முடியவில்லை. அது வசதிக் குறைவாக இருந்தது.

நடுவர் ஒரு வயதான ஆசிரியர். எல்லாரும் புரொபெசோரே என்றார்கள். அவர் சட்டத்தைச் சொன்னார். திகதியைப் பார்வையாளர்தான் தரவேண்டும், தனக்குக் கிழமை நிச்சயமாகத் தெரிந்த திகதியாக. பிறந்தநாள், கல்யாணநாள், எதுவும். சரி பிழையைத் திகதி தந்தவரே சொல்வார். ஆட்சேபம் வந்தால் மட்டும் மேசையிலுள்ள நித்திய நாட்காட்டியை, எந்த வருடத்துக்கும் கிழமை காட்டும் புத்தகத்தை, திறப்பார்கள். ஒரு சுற்றில் இருவருக்கும் ஒவ்வொரு திகதி. ஒருவர் பிழைவிட்டு மற்றவர் சரியாகச் சொன்னால் போட்டி முடிந்தது. ஒரு கேள்வி செல்லாமல் போனால் அந்தச் சுற்று முழுக்கச் செல்லாது.

முதலில் எழுந்தது ஒரு கிழவி. "1946 யூன் இரண்டு."

"ஞாயிறு," என்றான் கிருஷ்ணென், ஒன்று எண்ணுவதற்குள்.

"ஜுஸ்தோ! சரி!" என்றாள் கிழவி.

"அது கணக்கே இல்லை!" என்று பின்னாலிருந்து யாரோ கத்தினார்கள். "குடியரசுக்கு வோட்டுப் போட்ட நாள்! இத்தாலியில் வோட்டே ஞாயிறுதானே!"

மண்டபம் சிரித்தது. கிருஷ்ணென் கையை விரித்துக் குனிந்தான்.

அடுத்து ஒரு தடித்த மனிதர், மனைவியைப் பக்கத்தில் நிற்பாட்டிக்கொண்டு: "1962 செப்டம்பர் எட்டு. எங்கள் கல்யாணம்."

அனிற்றா கண்ணை மூடினாள். அறுபத்திரண்டு, அதன் காற்பங்கு பதினைந்து. கூட்டினால் எழுபத்தேழு. ஏழால் பிரித்தால் மிச்சமே இல்லை, பெருமூச்சு விட்டதுபோல இருந்தது. செப்டம்பருக்கு ஐந்து. நாள் எட்டு. பதின்மூன்று. மிச்சம் ஆறு. ஞாயிறைப் பூச்சியமாக வைத்து எண்ணினால் ஆறு சனி.

"சனிக்கிழமை."

"சரி," என்றார் மனிதர். மனைவி, "மழையும் பெய்தது," என்றாள்.

இடப்பக்கம் எழுந்து கைதட்டியது. யாக்கோபு கதிரையில் ஏறி நின்றான். செலஸ்ரீனா அவன் காற்சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

இதில் மந்திரம் ஒன்றும் இல்லை. கிழமை ஏழு நாளுக்கு ஒருமுறை திரும்பி வருகிறது, ஆகவே முழு ஏழுகளை எறிந்துவிட்டு மிச்சத்தை மட்டும் பிடித்துக்கொண்டால் போதும். வருடத்துக்கு முந்நூற்று அறுபத்தைந்து நாள், அதில் ஏழுகளை எறிந்தால் ஒன்று மிஞ்சும். அதனால் உங்கள் பிறந்தநாள் ஒவ்வொரு வருடமும் கிழமையில் ஒரு நாள் தள்ளிப் போகும். நாலு வருடத்துக்கு ஒருமுறை ஒரு நாள் கூடி வரும் நெட்டாண்டு குறுக்கே வந்தால் இரண்டு. அதற்குத்தான் காற்பங்கைக் கூட்டுவது. மாதங்களும் அப்படித்தான். ஜனவரிக்குப் பூச்சியம். அதன் முப்பத்தொரு நாளில் மூன்று மிஞ்சும், ஆகவே பெப்ரவரிக்கு மூன்று. பெப்ரவரியின் இருபத்தெட்டில் ஒன்றும் மிஞ்சாது, ஆகவே மார்ச்சுக்கும் அதே மூன்று. இப்படிப் பன்னிரண்டு எண்ணை மனத்தில் வைத்துக்கொண்டால் இந்த நூற்றாண்டு, அதாவது ஆயிரத்துத் தொள்ளாயிரங்கள், கையில் இருக்கும். ஒரே ஒரு பள்ளம் உண்டு. நெட்டாண்டில் ஜனவரி, பெப்ரவரித் திகதி வந்தால், அந்த மேலதிக நாள் இன்னும் வரவில்லை. ஒன்றைக் கழிக்கவேண்டும். அவசரத்தில் அதை மறந்தால் ஆள் காலி.

சுற்றுக்குப் பின் சுற்று போனது. இருவரும் விடவில்லை. கிருஷ்ணென் வேர்வையைத் துடைத்தான். அனிற்றாவுக்குக் காது சுட்டது. மண்டபத்தில் சனம் கதிரை நுனிக்கு வந்துவிட்டது. புரொபெசோரே எண்ணத் தொடங்கினால் சனமும் சேர்ந்து எண்ணியது, விடை வந்ததும் எண்ணுவதை விட்டுவிட்டுக் கத்தியது.

பிறகு ஒரு இளைஞன், அன்றுதான் கண்ணாடி வாங்கியவன்போல அதைத் தொட்டுத் தொட்டு, "1972 பெப்ரவரி ஐந்து," என்றான்.

"ஞாயிறு," என்றான் கிருஷ்ணென் உடனே. சொன்ன வாய் மூடவில்லை, முகம் மாறியது. அனிற்றாவுக்கும் தெரிந்தது. எழுபத்திரண்டும் பதினெட்டும் தொண்ணூறு, மூன்றும் ஐந்தும் சேர்த்துத் தொண்ணூற்றெட்டு, மிச்சம் இல்லை, ஞாயிறு. ஆனால் எழுபத்திரண்டு நெட்டாண்டு. பெப்ரவரி. ஒன்றைக் கழிக்கவில்லை.

"இல்லை," என்றான் இளைஞன். "சனி."

வலப்பக்கம் ஊ என்று ஒரு சத்தம். கிருஷ்ணென் தன் நெற்றியில் தானே அடித்தான்.

இனி அனிற்றா ஒன்றைச் சரியாகச் சொன்னால் போதும். கம்பியூட்டர் அந்த ஜன்னலுக்குக் கீழே வந்துவிடும்.

"யார் தருகிறீர்கள்?" என்றார் புரொபெசோரே.

எல்லாக் கைகளுக்கும் மேலே, கதிரையில் நின்றுகொண்டிருந்தவனின் கை.

"நீங்கள். கதிரையில் நிற்பவர்."

"அத்தான், இறக்குங்கோ கையை!" என்று அனிற்றா தமிழில் கத்தினாள். பிந்திவிட்டது.

"1968 மார்ச் பதினான்கு!" என்று யாக்கோபு முழங்கினான். "நான் பிறந்த நாள்!"

"அது அவளுடைய குடும்பம்!" என்று வலப்பக்கம் எழுந்தது. "முதலே சொல்லிக் கொடுத்திருப்பான்!"

உண்மையில் அனிற்றாவுக்கு அந்தத் திகதி தெரியாது. அந்த வீட்டில் பிறந்தநாள் கொண்டாடுவதில்லை. அவனுக்குப் பெயர் கொடுத்த புனிதரின் திருநாளுக்குத்தான் கோழி வெட்டுவார்கள். புரொபெசோரே எண்ணத் தொடங்கிவிட்டார். அறுபத்தெட்டும் பதினேழும் எண்பத்தைந்து, மிச்சம் ஒன்று. மார்ச்சுக்கு மூன்று. பதினான்கு முழு ஏழுகள், எறி. நான்கு. மார்ச், ஆகவே கழிக்கத் தேவையில்லை. நான்கு.

"வியாழன்!"

இடப்பக்கம் பாய்ந்து எழுந்தது. எல்லாரும் யாக்கோபுவைப் பார்த்தார்கள்.

யாக்கோபு மேலே நின்ற கையை மெதுவாக இறக்கினான். பிறகு, மிகுந்த துக்கத்தோடு, "இல்லை. ஞாயிறு," என்றான்.

 மண்டபம் முழுக்க ஒரேயடியாகக் கத்தியது.

"உனக்கு மூளை கீளை இருக்கோ?" என்றாள் செலஸ்ரீனா.

"நான் பொய் சொல்லட்டோ? கோயில் மாதிரிச் சத்தியம் கேட்கினம். நான் ஞாயிறு பிறந்தனான்! அம்மா சொன்னவ!"

"இப்ப சொல்லிக் கொடுத்தவன் எண்டு சொல்லுங்கோடா!" என்று யாரோ வலப்பக்கத்தைப் பார்த்துக் கத்தினான்.

"ஆட்சேபம்," என்றாள் அனிற்றா.

புரொபெசோரே நித்திய நாட்காட்டியைத் திறந்தார். விரலால் கோடு பிடித்தார். "வியாழன். சின்யோரீனா சொன்னது சரி."

இதோடு முடிந்திருக்கவேண்டும். முடியவிடாதது யோசப்பின் என்பவள். நாற்பத்தைந்து வயதான மன்னார்க்காரி, நல்ல மனம், இத்தாலியன் வேகமாக வரும், ஆனால் யோசனை பின்னால் நடந்து வரும். யாக்கோபு அவமானப்படுவதைப் பார்க்கச் சகிக்காமல் எழுந்தாள்.

"அவரைக் குறை சொல்லாதீர்கள்! அந்த வருடங்களில் எங்கள் நாட்டில் ஞாயிறு இல்லை! அரசாங்கம் நிறுத்திவிட்டது! நிலாவைப் பார்த்துத்தான் எல்லாம்!"

புரொபெசோரே கண்ணாடியைக் கழற்றினார். "கிழமையையே நிறுத்திவிட்டார்களா?"

"ஓம்! சி, சி! ஆறு வருடம்!"

"நிலாவைப் பார்த்து?"

"நிலாவைப் பார்த்து!"

அவருக்கு அது பிடித்துவிட்டது. பிரான்சில் புரட்சிக்காலத்தில் பத்து நாள் வாரம் வைத்தார்கள், ரஷ்யாவில் ஐந்து நாள் வைத்தார்கள் என்று மற்ற நடுவர்களிடம் சொல்லத் தொடங்கினார். பிறகு முகம் இறுகியது. "அப்படியானால் இந்த நாட்காட்டி அந்த நாட்டுக்கு அப்போது பொருந்தாது. கேள்வியே பிழையாக வைக்கப்பட்டது. செல்லாது."

"சுற்று முழுக்கச் செல்லாது!" என்று வலப்பக்கம் துள்ளியது. கிருஷ்ணெனின் பிழையும் அதோடு போய்விடும். திரும்ப முதலிலிருந்து.

"யோசப்பின் அக்கா," என்றாள் அனிற்றா தமிழில், பல்லைக் கடித்துக்கொண்டு, "என்ன வேலை பாத்தீங்கள்?"

"நான் உனக்குத்தானே பிள்ளை கதைச்சனான்!"

அனிற்றா மேடை விளிம்புக்கு வந்தாள். "புரொபெசோரே, நிறுத்தினது லீவைத்தான். போயா என்று பௌத்தர்களின் நாள். பூரணை, அமாவாசை, இரண்டுக்கும் நடுவில் அரைநிலா. வாரலீவை அந்த நாட்களுக்கு மாற்றினார்கள். ஞாயிறு சாதாரண வேலைநாள் ஆனது. ஆனால் அது ஞாயிறுதான். பெயர் அப்படியே ஓடியது."

"நம்புகிறேன்," என்றார் அவர், உண்மையாகவே. "ஆனால் எனக்கு முன் அந்த நாட்டவர் மூன்று பேர். ஒருவர் ஞாயிறு என்கிறார், ஒருவர் ஞாயிறே இல்லை என்கிறார், நீங்கள் வியாழன் என்கிறீர்கள். நான் எப்படித் தீர்ப்பது?"

நியாயமான கேள்வி. அனிற்றா மேடையிலிருந்த கரும்பலகையின் பக்கம் திரும்பினாள். கம்பியூட்டர் பக்கத்தில் இருந்தது, இப்போது பார்க்கவே கூடாது. அந்த ஊருக்கும் இந்த ஊருக்கும் ஒன்றாகவே இருந்த ஒரு நாள் வேண்டும். அரசாங்கம் தொட முடியாத நாள். அதுவும் அந்த வருடத்தில்.

"அத்தான்! உங்களுக்கு ஞானஸ்நானம் எப்ப?"

"இப்ப ஏன் அது?"

"சொல்லுங்கோ!"

"அதுவும் பதினாலுதான்," என்றான் யாக்கோபு, கொஞ்சம் தலை நிமிர்ந்து. "ஏப்ரல் பதினாலு. உயிர்த்த ஞாயிறு. அம்மா அதைச் சொல்லிச் சொல்லிப் பெருமைப்படுறவ. பிறந்ததும் பதினாலு, ஞானஸ்நானமும் பதினாலு. ரெண்டும் ஞாயிறு."

அனிற்றாவுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கவில்லை. சுண்ணக்கட்டியை எடுத்துக் கரும்பலகைக்கு ஓடினாள். மார்ச் 14 என்று எழுதினாள். கீழே ஏப்ரல் 14.

"புரொபெசோரே, 1968இல் பாஸ்குவா எப்போது?" என்று உயிர்த்த ஞாயிறை அவர்கள் சொல்லும் பெயராலேயே கேட்டாள்.

அவர் புத்தகத்தின் பின்பக்கம் புரட்டினார். "ஏப்ரல் பதினான்கு."

"மன்னாரிலும் அதே நாள். பாப்பரசருக்கு ஒரு பாஸ்குவா, எங்களுக்கு இன்னொன்று இல்லை."

"அது எப்படி இருக்கும்!" என்றாள் ஒரு கிழவி, கோபத்தோடு.

"இவர் இரண்டு பதினான்கும் ஞாயிறு என்கிறார். இடையில் எத்தனை நாள்?" அவள் பலகையில் 31 என்று எழுதினாள்.

அதற்கு மேல் அவள் சொல்லத் தேவைப்படவில்லை. வலப்பக்கத்திலிருந்து ஒரு பெரிய சிரிப்பு வெடித்தது. கிருஷ்ணென். "மிச்சம் மூன்று!" என்று கத்தினான். "மூன்று! இரண்டும் ஞாயிறாக இருக்கவே முடியாது!"

"நீ எந்தப் பக்கம்?" என்று அவனுடைய ஆள் ஒருவன் அவன் சட்டையை இழுத்தான்.

"விடு! பார்! முப்பத்தொன்றில் நான்கு ஏழு போனால் மூன்று. பாஸ்குவா ஞாயிறு. மூன்று நாள் பின்னால் போ. சனி, வெள்ளி, வியாழன்!" அவன் மேடைக்கே ஏறிவிட்டான். அவள் கையிலிருந்த சுண்ணக்கட்டியை வாங்கி 31 = 28 + 3 என்று பலகை நிறையப் பெரிதாக எழுதினான். எழுதிய பிறகுதான் தான் செய்தது அவனுக்கு உறைத்தது. சுண்ணக்கட்டியைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். தோளைக் குலுக்கினான்.

புரொபெசோரே கையை உயர்த்தினார். "ஒன்று மிச்சம் இருக்கிறது. அந்த ஒரு மாதமும் கிழமைகள் ஏழேழாகவே ஓடின என்று யார் சொல்வது? நிலாவோடு ஓடியிருந்தால் இந்தக் கழித்தல் நிற்காது."

எல்லாரும் யோசப்பினைப் பார்த்தார்கள். இந்த முறை அவள் யோசித்துவிட்டுப் பேசினாள். இத்தாலியனில், மெதுவாக.

"எனக்கு அப்போது பதினாறு. ஞாயிறும் பள்ளிக்கூடம் இருந்தது. அதனால் பங்குச் சாமி விடியப் பூசை வைப்பார். பூசை முடித்து அப்படியே பள்ளிக்கூடம் போவோம், நித்திரை தூங்கித் தூங்கி. ஏழு நாளுக்கு ஒருமுறை. ஆறும் இல்லை, எட்டும் இல்லை. ஒரு ஞாயிறும் தப்பவில்லை. தப்பியிருந்தால் நான் சந்தோஷப்பட்டிருப்பேன்."

மண்டபம் சிரித்தது. புரொபெசோரேயும் சிரித்தார்.

யாக்கோபு மட்டும் சிரிக்கவில்லை. "அப்ப அம்மா பொய்யோ?"

"அம்மா என்னண்டு சொன்னவ?" என்று கேட்டாள் அனிற்றா. "சரியாச் சொல்லுங்கோ. ஞாயிறு எண்டு சொன்னவவோ?"

அவன் யோசித்தான். "லீவுநாள் எண்டவ. ஐயா கந்தோர் வேலைக்குப் போகாமல் வீட்டில நிண்டவராம். இரவு நல்ல நிலவாம், விளக்கு இல்லாமலே மருத்துவிச்சியைக் கூட்டிக்கொண்டு வந்தவையாம்."

"நல்ல நிலவு. லீவு. அது பூரணைப் போயா, அத்தான்! அம்மா சரியாத்தான் சொன்னவ. ஞாயிறு எண்டு போட்டது நீங்கள்."

"லீவெண்டால் ஞாயிறுதானேயடி!"

"இஞ்சை எங்களுக்கு இண்டைக்கு என்ன லீவு?" என்றாள் செலஸ்ரீனா. "வியாழன்! அப்பவும் வியாழன், இப்பவும் வியாழன். கதிரையை விட்டு இறங்கு முதல்."

அவன் இறங்கினான். மூன்று நடுவர்களும் தலையைச் சேர்த்துக் கதைத்தார்கள். அதிக நேரம் எடுக்கவில்லை. புரொபெசோரே எழுந்து, "கேள்வி செல்லும். விடை சரி," என்றார்.

பிறகு நடந்தது ஒழுங்காக நினைவில் நிற்கக்கூடியது அல்ல. யாரோ அவளைத் தூக்கினார்கள். யோசப்பின் அழுதாள். யாக்கோபு, போட்டியைக் கெடுக்கப் பார்த்தவன், தான்தான் ஞானஸ்நானத்தால் வென்று கொடுத்தவன் என்று ஒவ்வொரு இத்தாலியனாகப் பிடித்துச் சொல்லிக்கொண்டு திரிந்தான்.

கம்பியூட்டரைப் பஸ்ஸில் ஏற்ற சாரதி விடவில்லை. நடந்தே கொண்டுபோனார்கள், யோசப்பினும் கூடவே வந்தாள். யாக்கோபு பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டான். மொனிற்றரைத் தூக்க இன்னொரு பலமான ஆள் தேவைப்பட்டது, கிருஷ்ணென் கேட்காமலே தூக்கினான். பல்லாரோவில் சந்தைக்காரர் கடையைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். மீன்கடைத் தண்ணீரில் கிருஷ்ணெனின் கால் வழுக்கியபோது தெருவே சேர்ந்து கத்தியது. ஒன்றும் விழவில்லை.

தையல் மெசின் நின்ற இடத்தில் எல்லாவற்றையும் வைத்து வயர்களைப் பூட்டினாள் அனிற்றா. பொத்தானை அமத்தினாள். காற்றாடி உறுமியது. கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள் ஓடி, ஒரு வரியில் நின்றன. 1980 ஜனவரி ஒன்று, செவ்வாய்க்கிழமை.

"திகதி பிழை," என்றாள் செலஸ்ரீனா. "பழுதான சாமானைத் தந்திட்டாங்கள்."

"பற்றரி செத்திருக்கு, அவ்வளவுதான்." அனிற்றாவும் கிருஷ்ணெனும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். இருவரின் உதடும் ஒரே நேரத்தில் அசைந்தது. எண்பதும் இருபதும் நூறு, ஒன்றைக் கூட்டி, ஒன்றைக் கழித்து, மிச்சம் இரண்டு.

"ஆனால் செவ்வாய் சரி!" என்று கிருஷ்ணென் மேசையில் அடித்தான்.

"இதுக்குக் கிழமை தெரியுமோ!" யாக்கோபு பெட்டியைச் சுற்றி வந்தான். "என்ர மகளின்ர நாளைப் போடு." மகள் பிறந்தது தொண்ணூற்றொன்றில். போட்டாள். மெசின் எடுத்துக்கொண்டது, கிழமையும் சொன்னது. எல்லாரும் கைதட்டினார்கள்.

"இப்ப யோசப்பின் அக்காவின்ர," என்றான்.

ஐம்பத்திரண்டாம் ஆண்டைப் போட்டாள். செல்லாத திகதி என்று மெசின் திருப்பி எறிந்தது. செலஸ்ரீனாவுடையதையும் எறிந்தது. கிருஷ்ணெனுடையதையும் எறிந்தது. எண்பதுக்கு முன்னால் எதைப் போட்டாலும் எறிந்தது.

"அப்ப நாங்கள் ஒருத்தரும் பிறக்கேல்லையோ?" என்றாள் யோசப்பின்.

"இதுக்கு எண்பதிலதான் உலகம் தொடங்குது," என்றாள் அனிற்றா. கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு இருந்தாள். புரோகிராம் எழுதும் வெற்றுத் திரையைத் திறந்தாள். வலப்பக்கம் கிருஷ்ணென், இடப்பக்கம் யாக்கோபு, முதுகில் அக்காவின் மூச்சு.

"எல்லாரும் கொஞ்சம் தள்ளுங்கோ," என்றாள். "உங்கள் எல்லாரையும் நான் பிறக்க வைக்கிறன்." முதல் வரியைத் தட்டத் தொடங்கினாள்.